இயர்பட் கேஸ் தானாகக் காலியாவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு இரவு முழுசா சார்ஜ் போட்டேன். பாட்டே கேட்கலை. புதன் இரவு பார்த்தா கேஸ் காலி. எங்கே போகுது சார்ஜ்?

பெரும்பாலும் உள்ளே இருக்கும் இயர்பட்களில் ஒன்றுக்குப் போகிறது. கேஸுக்குள் உட்கார்ந்திருப்பது தெரியாமல் அது விழித்துக்கொண்டே இருக்கிறது. விழித்திருக்கும் பட் தன் பேட்டரியைக் கரைக்கும், குறைந்ததை கேஸ் நிரப்பும், அது மறுபடி கரைக்கும். இந்தச் சுற்று இரவும் பகலும் ஓடினால் பாட்டே கேட்காமல் கேஸ் காலியாகிவிடும்.

பலர் உடனே "கேஸ் பேட்டரி போச்சு" என்று முடிவுகட்டிப் புது ஜோடி வாங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்வதற்கு முன் இந்தப் பக்கத்தைப் படியுங்கள். என் தங்கையின் இயர்பட்ஸுக்கும் இதே தொல்லைதான் வந்தது. கடையில் "கேஸை மாற்றணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் கேஸில் எந்தக் குறையும் இல்லை.

லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் கொஞ்சம் வடியும்னு சொல்றாங்களே. இது அதுதானா?

இல்லை. பேட்டரி தானாக இழப்பது மாதத்துக்கு இரண்டு மூன்று சதவீதம்தான். மூன்று நாள் கணக்குக்கு அது வரவே வராது.

கேஸுக்குள் பேட்டரி மட்டும் இல்லை என்பது உண்மை. மூடி திறந்திருக்கிறதா என்று பார்க்கும் சென்சார், எல்லாவற்றையும் கவனிக்கும் ஒரு குட்டிச் சிப், பேட்டரியைக் காக்கும் சர்க்யூட் எல்லாம் எப்போதும் துளித்துளியாக மின்சாரம் குடிக்கும். உள்ளே தூங்கும் பட்களும் கொஞ்சம் குடிக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் ஐந்தில் ஒரு பங்கு.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சாதாரண கேஸ் ஒன்றின் பேட்டரி 400 எம்ஏஎச் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒரு மில்லிஆம்பியர் வீதம் எடுத்தால் 400 மணி நேரம் வரும். 0.2 மில்லிஆம்பியர் வீதம் எடுத்தால் 2,000 மணி நேரம், அதாவது எண்பது நாளுக்கு மேல். சார்ஜ் அளவைக் காட்ட நான்கு விளக்கு உள்ள கேஸில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு விளக்கு குறைந்தால் அது இயல்பு. தொலைந்தால் தேடிக் கண்டுபிடிக்கும் வசதி உள்ள மாடல்கள் அவ்வப்போது ப்ளூடூத்தில் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும், அவற்றில் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் குறையலாம்.

400 எம்ஏஎச் மூன்று நாளில், அதாவது 72 மணி நேரத்தில் தீர்கிறது என்றால் சராசரியாக ஐந்தரை மில்லிஆம்பியர் போயிருக்கிறது. இயல்பைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல். இவ்வளவு இழுக்க பேட்டரியின் இயற்கையான வடிதலால் முடியாது. ஏதோ ஒன்று உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஒரு சின்ன பட் அவ்வளவு இழுக்குமா?

இழுக்கும். ஒரு பட்டின் பேட்டரி 40 எம்ஏஎச் அளவு இருக்கும், பாட்டு ஓடும்போது ஆறு மணி நேரம் தாங்கும். அப்படியென்றால் பாட்டுக்கு ஆறு ஏழு மில்லிஆம்பியர் எடுக்கிறது. பாட்டு இல்லாமல் போனோடு இணைந்து சும்மா காத்திருந்தாலும் இரண்டு மூன்று மில்லிஆம்பியர் எடுத்துவிடும்.

இதோடு முடியவில்லை. கேஸ் பேட்டரி 3.7 வோல்ட்டில் இருக்கும். பட்டுக்குக் கொடுக்க அதைப் பொதுவாக 5 வோல்ட்டுக்கு ஏற்றுகிறார்கள். பட்டுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் அதைத் திரும்பவும் இறக்கித் தன் பேட்டரிக்குத் தருகிறது. ஏற்றி இறக்கும் வழியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே சூடாகிப் போய்விடும். ஏற்றித் தரும் அந்த சர்க்யூட் இடைவிடாமல் ஓடினால் அதற்கான செலவும் தனி. ஆக, பட் எடுக்கும் இரண்டு மூன்று மில்லிஆம்பியர் கேஸ் பக்கம் வரும்போது ஐந்து ஆறு ஆகிவிடுகிறது. மேலே போட்ட கணக்கு இங்கே வந்து பொருந்துவதைப் பாருங்கள்.

கேஸுக்குள்ள வச்சு மூடியாச்சு. அப்புறமும் பட்டுக்கு எப்படித் தெரியாமப் போகும்?

பட்டுக்குக் கண் கிடையாது. தன் அடியில் உள்ள இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் கேஸில் உள்ள ஸ்பிரிங் பின்களைத் தொடுகின்றனவா என்பதை வைத்துத்தான் "வீட்டுக்கு வந்துவிட்டேன்" என்று அது தெரிந்துகொள்கிறது. அந்த வழியாக மின்சாரமோ சைகையோ வந்தால் போனோடு இணைப்பைத் துண்டித்துவிட்டு சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். நிறைந்ததும் கேஸ் 5 வோல்ட்டை நிறுத்திவிடும், பட் தூங்கிவிடும். பழுதில்லாத ஜோடியில் இவ்வளவுதான் நடக்கும்.

அந்தத் தொடுகையில் ஒரு மெல்லிய அழுக்குப் படலம் வந்துவிட்டால் கதை மாறும். தொடுகை முழுசாக அறுந்தால்கூடப் பரவாயில்லை. பட் விழித்து, தன் சார்ஜைத் தீர்த்துவிட்டு அணைந்துபோகும், கேஸ் தப்பிக்கும். அரைகுறையாகத் தொடுவதுதான் மோசம். பையில் கேஸ் ஒரு முறை குலுங்கினால் தொடும், இன்னொரு குலுக்கலில் விடும். விடும்போது பட் "வெளியே எடுத்துவிட்டார்கள்" என்று நினைத்து விழித்துப் போனைத் தேடும். தொடும்போது புதிதாக வந்தது போல சார்ஜ் கேட்கும்.

இன்னொன்றும் நடக்கும். சார்ஜ் நிறைய நிறைய பட் இழுக்கும் மின்சாரம் படிப்படியாகக் குறையும். பல கேஸ்கள் அதைப் பார்த்துத்தான் "நிறைந்துவிட்டது, நிறுத்தலாம்" என்று முடிவெடுக்கின்றன. தொடுகை விட்டுவிட்டு வந்தால் அந்த ஒழுங்கான முடிவு வருவதே இல்லை. 5 வோல்ட் சர்க்யூட் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இது என் கேஸிலும் நடக்குதான்னு சீக்கிரமா பார்க்க வழி இருக்கா?

இரண்டு பட்களையும் உள்ளே வைத்து மூடுங்கள். அரை நிமிடம் கழித்து போனில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெயருக்குக் கீழே இன்னும் `Connected` என்று இருந்தால் ஒரு பட் தூங்கவில்லை. இல்லையென்றால் கேஸை மூடியபடியே மெல்லக் குலுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். குலுக்கும்போது இணைப்பு வந்து வந்து போனால் தொடுகைதான் பிரச்சினை.

போனில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக நிம்மதியடைந்துவிட வேண்டாம். லேப்டாப், டேப்லெட், டிவி என்று முன்பு இணைத்த வேறு கருவியைத் தேடிப் போயிருக்கலாம். அவற்றின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுச் சோதித்தால் பதில் தெளிவாக இருக்கும்.

கேஸா, இடது பட்டா, வலது பட்டா? குற்றம் யார்மேலன்னு உறுதியா எப்படிச் சொல்றது?

ஆறு நாள் பொறுமை வேண்டும், கருவி எதுவும் வேண்டாம். தங்கையின் ஜோடியில் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் பட்களை உள்ளே வைத்து, கேபிளைச் செருகி, மூன்றையும் முழுசாக நிரப்பினோம். பிறகு இரண்டு பட்களையும் வெளியே எடுத்து ஒரு டப்பாவில் போட்டோம். வெறும் கேஸை மூடி அலமாரியில் வைத்தோம். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் நான்கு விளக்கும் எரிந்தன. கேஸ் தன்னளவில் எதையும் கசியவிடவில்லை என்று தெரிந்துபோனது. கடையில் சொன்னது தவறு என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

அடுத்து மறுபடி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு இடது பட்டை மட்டும் உள்ளே வைத்தோம். இரண்டு நாள் கழித்தும் நான்கு விளக்கு. மூன்றாவது சுற்றில் வலது பட் மட்டும். இரண்டு நாளில் நான்கு விளக்கு இரண்டாகியிருந்தது. ஐந்தரை மில்லிஆம்பியர் வீதம் 48 மணி நேரத்துக்கு 264 எம்ஏஎச், அதாவது கேஸில் மூன்றில் இரண்டு பங்கு. மிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு விளக்குதான் எரியும். சரியாக அதே.

இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் சோதிக்கப் போகும் பட்டையும் முழுசாக நிரப்பிவிட வேண்டும். பாதி தீர்ந்த பட்டை வைத்தால் அதை நிரப்பவே கேஸ் செலவழிக்கும், கணக்கு குழம்பிவிடும். நான்கு விளக்கு என்பது நூறு சதவீதம் என்று பொருளல்ல என்பதையும் மனதில் வையுங்கள். எழுபத்தைந்துக்கு மேல் எங்கே இருந்தாலும் நான்குதான் காட்டும். அதனால் மெல்லிய கசிவு இந்தச் சோதனையில் தெரியாது. மூன்று நான்கு நாளில் காலியாகும் கேஸுக்குத்தான் இது பொருந்தும். ஒரு வாரம் பத்து நாள் தாங்கும் கேஸ் என்றால் ஒவ்வொரு சுற்றையும் நான்கு ஐந்து நாளாக நீட்டுங்கள்.

சரி, வலது பட்னு தெரிஞ்சாச்சு. எப்படிச் சுத்தம் பண்றது?

முதலில் பாருங்கள். விளக்கடியில் நேராகப் பிடித்தால் எதுவும் தெரியாது. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால்தான் தெரியும். தங்கையின் இடது பட்டில் இரண்டு புள்ளிகளும் பொன் நிறத்தில் பளிச்சென்று இருந்தன. வலது பட்டில் ஒரு புள்ளி மட்டும் மங்கலாக, காய்ந்த பசை பூசியது போல இருந்தது. வியர்வை, காது மெழுகு, முகத்தில் தடவும் கிரீம் எல்லாம் சேர்ந்து காய்ந்த படலம் அது. நகத்தால் தடவினால் ஒன்றும் வராது. ஆனால் மின்சாரத்தைத் தடுக்க அது போதும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 70 சதவீதமோ அதற்கு மேலோ, எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக் குச்சியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள். சொட்டக் கூடாது. பட்டின் தொடுமுனைகள் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு தேய்த்தால் ஈரம் உள்ளே இறங்காது. பத்துப் பதினைந்து முறை தேய்த்துவிட்டுப் பஞ்சைப் பாருங்கள், பழுப்பாகியிருக்கும். பஞ்சின் மறுமுனையால் இன்னொரு முறை.

கேஸுக்குள் இருக்கும் பின்களைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பட்டில் உள்ள அழுக்கு அங்கேயும் ஒட்டியிருக்கும். கேஸைக் கவிழ்த்துப் பிடித்து அதே மாதிரி துடையுங்கள். பிறகு மரப் பல்குச்சியின் மொட்டை முனையால் ஒவ்வொரு பின்னையும் மெல்ல அழுத்திப் பாருங்கள். எல்லாப் பின்னும் ஒரே மாதிரி உள்ளே போய் ஒரே மாதிரி வெளியே வர வேண்டும். ஒன்று மட்டும் பாதியில் நின்றால் அதன் பக்கவாட்டில் அழுக்கு இறுகியிருக்கிறது. பிழிந்த பஞ்சை அதன்மேல் வைத்து, பல முறை அழுத்தி விட்டால் பெரும்பாலும் இளகிவிடும். முடிந்ததும் மூடியைத் திறந்தபடியே கால் மணி நேரம் காயவிடுங்கள்.

ஊசி, சேஃப்டி பின், இடுக்கி வேண்டாம். இரண்டு பின்களை உலோகம் ஒன்றாகத் தொட்டால் ஷார்ட் ஆகும். உப்புத்தாள் கண்டிப்பாக வேண்டாம். அந்தப் பொன் பூச்சு தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது, ஒரு முறை சுரண்டினால் அதன் அடியில் உள்ள உலோகம் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். வாயால் ஊதுவதும் நல்லதில்லை, மூச்சில் ஈரம் இருக்கிறது.

சுத்தம் பண்ணின அன்னைக்கு சரியா இருந்துச்சு. மறுநாள் மறுபடி `Connected`. ஏன்?

தங்கைக்கும் இதேதான் நடந்தது. காரணம் டிப். பட்டோடு வந்த ரப்பர் டிப் காதில் நிற்கவில்லை என்று அவள் தடிமனான ஃபோம் டிப் வாங்கிப் போட்டிருந்தாள். அது கேஸின் குழியைவிட மயிரளவு பெரியது. மூடியை மூடினால் ஃபோம் அமுங்கி பட் கீழே உட்காரும். கொஞ்ச நேரத்தில் ஃபோம் விரிந்து பட்டைப் பின்களிலிருந்து சற்றே தூக்கிவிடும். இடது பட்டிலும் அதே டிப்தான், ஆனால் சுத்தமான தொடுமுனை அந்த இடைவெளியைச் சமாளித்தது. அழுக்குப் படிந்திருந்த வலது பட்டின் தொடுமுனையால், துடைத்த பிறகும், சமாளிக்க முடியவில்லை. ஒரே தொல்லைக்கு இரண்டு காரணம்.

உங்கள் டிப்பைச் சந்தேகித்தால் கழற்றிவிட்டு வெறும் பட்டை ஒரு இரவு கேஸில் வையுங்கள். பிரச்சினை நின்றுவிட்டால் டிப்தான். பட்டை உள்ளே விடும்போது காந்தம் "டக்" என்று இழுத்துக்கொள்ள வேண்டும். விரலால் அழுத்தினால்தான் உட்காருகிறது என்றால் அந்த டிப் அந்தக் கேஸுக்கு உரியதில்லை. தங்கை குட்டையான ஃபோம் டிப்புக்கு மாறினாள். மூன்று வாரம் தொடாமல் வைத்திருந்து பார்த்தபோது மூன்று விளக்கு எரிந்தது.

தொடுமுனையில் பச்சையா ஏதோ இருக்கு. அழுக்கு மாதிரி இல்லை.

அது அரிப்பு. வியர்வை உப்புத் தண்ணீர். ஈரமான பட்டைக் கேஸில் வைத்தவுடன் இரண்டு தொடுமுனைகளுக்கு நடுவே 5 வோல்ட் வருகிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் நேர்மின் பக்கம் உள்ள உலோகம் கரையும். பச்சையாகத் தெரிவது பொன் பூச்சுக்கு அடியில் இருந்த செம்பு.

ஆல்கஹாலால் மேலே உள்ளதை எடுக்கலாம், போன பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது. லேசாக இருந்தால் வாரம் ஒரு முறை துடைத்துப் பல மாதம் ஓட்டலாம். புள்ளியில் குழி விழுந்திருந்தால் அந்த ஒரு பட்டை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று பாருங்கள், பல நிறுவனங்கள் தருகின்றன.

வராமல் தடுப்பது எளிது. ஓடிவிட்டோ உடற்பயிற்சி செய்துவிட்டோ வந்தால் பட்களைத் துணியில் துடைத்து, பத்து நிமிடம் மேசைமேல் வெளியே வைத்துவிட்டு, பிறகு கேஸில் போடுங்கள். பட் தண்ணீர் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கலாம். அந்த வாக்குறுதி பல மாடல்களில் பட்டுக்கு மட்டும்தான், கேஸுக்கு இல்லை.

மூடியில ஏதாவது கோளாறு இருக்குமா?

இருக்கலாம். மூடியில் ஒரு காந்தம், கேஸில் அதை உணரும் ஹால் சென்சார். மூடி மயிரளவு திறந்திருந்தால்கூடச் சில கேஸ்கள் "திறந்தாச்சு" என்று பட்களை எழுப்பிவிடும். மேலே போடும் சிலிக்கான் உறை கீல் பக்கம் மடிந்து மூடியைத் தள்ளுவது சாதாரணமாக நடக்கும், உறையைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். வலுவான காந்தம் உள்ள பை, போன் உறை அருகில் கேஸை வைத்தாலும் சென்சார் குழம்பலாம்.

வெறும் கேஸே ரெண்டு நாள்ல குறைஞ்சுடுது. அப்போ?

முதலில் ரீசெட் செய்யுங்கள். பட்களை உள்ளே வைத்து, மூடியைத் திறந்து, பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடிப்பது பல மாடல்களின் வழி. உங்களுடையதற்குக் கையேட்டில் பாருங்கள். கேஸின் சிப் எங்காவது சிக்கித் தூங்காமல் இருந்தால் இதில் சரியாகிவிடும். ஆப் இருந்தால் ஃபர்ம்வேர் அப்டேட்டையும் போட்டுவிடுங்கள்.

அதற்கும் அடங்கவில்லையென்றால், கசிகிறதா அல்லது பேட்டரியே சுருங்கிவிட்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வேறுபாடு சார்ஜ் ஏறும் நேரத்தில் இருக்கிறது. முன்பு ஒன்றரை மணி நேரம் எடுத்த கேஸ் இப்போது அரை மணி நேரத்தில் நிறைந்துவிடுகிறது, மூன்று விளக்கிலிருந்து திடீரென ஒன்றுக்குத் தாவுகிறது என்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது. அதில் கொள்ளவே இடமில்லை. பழையபடி ஒன்றரை மணி நேரம் எடுத்தும் இரண்டு நாளில் காலியாகிறது என்றால் உள்ளே ஈரமோ பழுதடைந்த பாகமோ இழுக்கிறது. முன்னதுக்கு வயதுதான் காரணம். பின்னது பழுது, உத்தரவாதக் காலம் மீதியிருந்தால் உடனே கேட்டுப் பெறுங்கள். வெறும் கேஸை வைத்துச் செய்த சோதனையை நாள், விளக்கு எண்ணிக்கையோடு எழுதிக் கொடுத்தால் அவர்களும் தட்டிக்கழிக்க முடியாது.

மூடி சரியாக மூடவில்லை, ஓரத்தில் தையல் பிரிந்தது போல விரிசல் தெரிகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். அந்தக் கேஸை அதற்குப்பின் சார்ஜ் போடாதீர்கள், பிரிக்காதீர்கள், அழுத்தி மூடவும் முயலாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பட்ஸை எப்பவும் கேஸ்லயே வச்சா அதோட பேட்டரி கெட்டுடாதா?

கெடாது. வெளியே வைப்பதைவிட அதுதான் நல்லது. நிறைந்ததும் சார்ஜ் நின்றுவிடும், தானாக ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்காது. வெளியே கிடந்தால் பட் முழுவதும் தீர்ந்துபோகும் அபாயம்தான் அதிகம்.

பட் பேட்டரியைத் தேய்ப்பது வேறு: தினமும் "லோ பேட்டரி" குரல் வரும்வரை கேட்பது. இவ்வகைப் பேட்டரிகள் 300 முதல் 500 முழுச் சுற்று வரை போனதும் பழைய கொள்ளளவில் எண்பது சதவீதத்துக்கு இறங்கிவிடும். தினமும் ஒரு முழுச் சுற்று என்றால் ஒன்று, ஒன்றரை ஆண்டு. ஆறு மணி நேரம் ஒரே மூச்சாகக் கேட்காமல் நடுவில் சாப்பிடும்போதும் பேசும்போதும் கேஸில் போட்டுவிட்டால் பட் பாதிக்குக் கீழே இறங்காது. அப்படி மேலோட்டமாகப் போய்வரும் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். அழைப்புகளுக்கு ஒரே பட்டைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இடது வலது மாற்றி மாற்றிப் போடுங்கள். இல்லையென்றால் ஒரு காது எப்போதும் முதலில் சாகும்.

கேஸை ராத்திரி பூரா சார்ஜ்ல விடலாமா?

விடலாம், நிறைந்ததும் நின்றுவிடும். பயப்பட வேண்டியது சூடுதான். வெயிலில் நிறுத்திய காரிலும் சூடான லேப்டாப்பின் மேலும் கேஸை வைக்காதீர்கள். முழு சார்ஜும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி வேகமாக முதுமையடையும். வயர்லெஸ் சார்ஜரில் வைத்தால் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்கும் இளஞ்சூடு சரி. அதற்கு மேல் என்றால் கேபிளுக்கு மாறிவிடுங்கள்.

ரெண்டு மூணு மாசம் பயன்படுத்த மாட்டேன். எப்படி வைக்கிறது?

கேஸை இரண்டு அல்லது மூன்று விளக்கு எரியும் அளவுக்குச் சார்ஜ் செய்து, பட்களைத் துடைத்து உள்ளே வைத்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, ஒரு விளக்குக்கு வந்திருந்தால் அரை மணி நேரம் சார்ஜ் போடுங்கள். கேஸ் முழுசாகக் காலியாக விட்டுவிடக் கூடாது. சில மாடல்களில் கேஸ் செத்ததும் பட்களுக்கு வந்துகொண்டிருந்த சைகை நின்றுபோய், அவை விழித்து எழுந்து தங்கள் சார்ஜையும் தீர்த்துக்கொள்ளும். மூன்று பேட்டரியும் ஒன்றாகச் சாகும்.

அப்படித்தான் ஆயிடுச்சு. கேபிள் செருகினா விளக்கே எரியலை.

உடனே கைவிடாதீர்கள். பேட்டரி 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜிங் சிப் முதலில் மிகக் குறைந்த மின்சாரத்தை மட்டுமே மெதுவாக ஊட்டும். அந்த நேரத்தில் விளக்குக்குக்கூட சக்தி இருக்காது. ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள், பக்கத்திலேயே இருந்து அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். சூடானால் கழற்றிவிடுங்கள்.

கேபிளையும் மாற்றிப் பாருங்கள். இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் விலை குறைந்த சில கேஸ்கள் சார்ஜே ஆகாது. "எனக்கு மின்சாரம் வேண்டும்" என்று சார்ஜருக்குச் சொல்லும் இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை அவற்றில் வைக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு முனை பழைய அகலமான யுஎஸ்பி உள்ள கேபிளைச் செருகினால் விளக்கு எரிந்துவிடும். பவர் பேங்கில் போடுவதையும் இந்த ஒரு முறை தவிருங்கள். செத்த கேஸ் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் "எதுவும் செருகப்படவில்லை" என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் அரை நிமிடத்தில் தாமாக அணைந்துவிடும். சுவர் சார்ஜரில் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு மணி நேரத்தில் விளக்கு வந்துவிட்டால் முழுசாக ஏற்றிவிட்டு, பட்களையும் நிரப்பிவிட்டு, வெறும் கேஸ் சோதனையை ஒரு முறை செய்யுங்கள். இரண்டு நாள் கழித்தும் நான்கு விளக்கு எரிந்தால் கேஸ் பிழைத்துக்கொண்டது. பிறகு எந்த பட் அதைக் காலியாக்கியது என்று இடது, வலது என ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்.